மூணு பக்கமாச்சும் வேணுங்க மேடம்

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் செய்வது படிப்பதல்ல, பக்கத்தை எண்ணுவது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறார்கள். அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்து, டமடமவென்ற சத்தத்தைத் தாங்கியிருக்கிறார்கள். கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு தாள் என்றால் முகம் வாடிப்போகிறது. "இவ்ளோதானுங்களா? பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு பக்கம் கொடுத்தாங்களே!" என்று ரிசப்ஷனில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி மேனேஜர் வழியாக என் மேசைக்கு வரும்போது ஒரு ஆலோசனையாகவே மாறிவிடுகிறது: "மேடம், நம்ம ரிப்போர்ட் கொஞ்சம் சின்னதா இருக்குன்னு பேச்சு வருது. மூணு பக்கமாச்சும் இருந்தா நல்லாருக்கும்."

நான் ரேடியாலஜி டாக்டர். இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. அதிலும் பாதி நாள் இடுப்பு எம்.ஆர்.ஐ.யில்தான் போகிறது. முதுகுவலி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? நோயாளிகள் பக்கம் கேட்பதில் எனக்குக் கோபமே இல்லை. கொடுத்த காசுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். பக்கத்தை நிரப்ப நாங்கள் எதை அள்ளிப் போடுகிறோம் என்பதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

ஒரு ஆளை வைத்தே சொல்கிறேன். பல பேரைச் சேர்த்துச் செய்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 46, தறி ஓட்டுகிறவர். இரண்டு மாதமாக இடது காலில் வலி. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கம் இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் பாத மேல்புறம் வரை சுண்டி இழுக்கிறது. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் இடது விரல் பாதியில் நின்றுவிடுகிறது. இந்த விவரம் அறிந்த டாக்டர் பெரும்பாலும் படம் எடுப்பதற்கு முன்பே ஊகித்துவிடுவார், எல்5 என்ற நரம்பு வேர் எங்கேயோ நசுங்குகிறது என்று. அவர் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளத்தான். நசுங்குவது எந்த இடத்தில், எதனால்? இதைத் தவிர வேறு விபரீதம் ஏதும் உண்டா?

வழக்கமான மூன்று பக்க ரிப்போர்ட் இதற்கு எப்படிப் பதில் சொல்கிறது தெரியுமா? முதல் பக்கத்தில் கால்வாசி, இயந்திரம் எத்தனை டெஸ்லா, எந்தெந்தக் கோணத்தில் எந்தெந்த வரிசைப் படம் எடுத்தோம் என்ற பட்டியல். பிறகு இடுப்பெலும்புகளின் இயல்பான வளைவு நிமிர்ந்திருக்கிறது என்று ஒரு வரி. வலியில் விறைத்துப் படுத்திருப்பவருக்கு நிமிராமல் என்ன செய்யும்? மூன்றாவது எலும்பில் ஒரு சின்ன ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்களின் தீங்கற்ற முடிச்சு. தோராயமாகப் பத்துப் பேரில் ஒருவர் முதுகில் இது இருக்கும். சாகும்வரை அவருக்கு இருப்பதே தெரியாது. அடுத்து டிஸ்க் டிஸ்க்காக வரும் பத்தி. எல்1–எல்2 லேசாகப் புடைத்திருக்கிறது, நரம்புப் பையைத் தொடுகிறது, நரம்பு நெருக்கம் இல்லை. எல்2–எல்3 லேசாகப் புடைத்திருக்கிறது, தொடுகிறது, நெருக்கம் இல்லை. எல்3–எல்4, அப்படியே. எல்லாம் டெம்ப்ளேட்டில் இருந்து வருவது. எழுதுகிறவர் விரலால் எண்ணை மட்டும் மாற்றுகிறார். அப்புறம் ஒரு அட்டவணை, ஒவ்வொரு மட்டத்திலும் தண்டுவடக் கால்வாயின் அகலம், மில்லிமீட்டரில், தசம புள்ளியோடு. வலது சிறுநீரகத்தில் 11 மி.மீ. நீர்க்கட்டி. கடைசியாக 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பின் கீழே எட்டு வரி. அதில் ஆறாவது வரியில் தலை காட்டுகிறது விஷயம்: எல்4–எல்5ல் டிஸ்க் இடப்பக்கம் பிதுங்கி இடது எல்5 வேரை நசுக்குகிறது.

ஆறாவது வரி! காலையில் நூறு பேரைப் பார்க்கும் எலும்பு டாக்டர் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியைத்தான் படிப்பார், அதிலும் மேல் மூன்று வரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு வேண்டியதை ஆறாவது இடத்தில் ஒளித்து வைத்தது நாங்கள். படத்தை அவர் தன் கண்ணால் பார்த்துக்கொள்வார் என்று சொல்வீர்கள். பார்க்கிறார்தான். அப்படியானால் எனக்கு எதற்குச் சம்பளம்?

இனி இதே படத்துக்கு நான் எழுத விரும்பும் ரிப்போர்ட்டின் சாரம் இது: "இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்து, கழுத்திலிருந்து எண்ணி உறுதி செய்யப்பட்டது. எல்4–எல்5ல் டிஸ்க் இடப்பக்கம் பிதுங்கி, 9 மி.மீ. கீழே இறங்கி, இடது எல்5 நரம்பு வேரைப் பின்னால் தள்ளி நசுக்குகிறது. இடது கால் வலிக்கும் பெருவிரல் பலவீனத்துக்கும் இது பொருந்துகிறது. காடா ஈக்வைனா நசுங்கவில்லை. தொற்று, கட்டி, முறிவு இல்லை. மற்ற டிஸ்க்குகளில் வயதுக்கு வழக்கமான தேய்மானம் மட்டுமே." ஆறு வாக்கியம். முக்கால் பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

'சுருக்கமாக எழுது' என்று உபதேசம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சுருக்குகிறேன் பேர்வழி என்று கத்தரியைத் தூக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது, இருக்கவே வேண்டிய வரிகளைத்தான். மேலே முதல் வாக்கியத்தைப் பாருங்கள். எலும்பை எண்ணினேன் என்று சொல்வது வெட்டிப் பேச்சாகத் தெரியும். ஆனால் சிலருக்கு இடுப்பின் கடைசி எலும்பு கீழே உள்ள திரிகத்தோடு பாதி ஒட்டியிருக்கும். சிலருக்குத் திரிகத்தின் முதல் எலும்பு பிரிந்து ஆறாவது இடுப்பெலும்பு போல நிற்கும். இது அபூர்வம் ஒன்றும் இல்லை. கீழிருந்து எண்ணுகிறவருக்கு ஒரு எண்ணும் மேலிருந்து எண்ணுகிறவருக்கு வேறு எண்ணும் வரும். நான் எல்4–எல்5 என்று எழுதி, அறுவை மேசையில் சர்ஜன் எக்ஸ்ரேயில் வேறு மாதிரி எண்ணினால், நல்ல டிஸ்க்கைத் திறந்துவிட்டுக் கெட்ட டிஸ்க்கை உள்ளேயே விட்டுத் தைத்துவிட வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு வரி அதைத் தடுக்கிறது. மூன்று பக்க ரிப்போர்ட்டுகள் பலவற்றில் இந்த வரியைத்தான் காணோம்.

அதே மாதிரிதான் 'இல்லை' என்று சொல்லும் வரிகள். எதெது இல்லை என்று பட்டியல் போட ஆரம்பித்தால் உடம்பில் இல்லாத நோய்களை எழுத ஒரு புத்தகம் வேண்டும். டாக்டர் மனதில் பயந்துகொண்டிருக்கும் இல்லைகளை மட்டும் எழுதினால் போதும். இடுப்புப் படத்தில் அந்தப் பயம் நாலைந்துதான். தண்டுவடம் முடிந்தபின் கீழே குதிரைவால் போல் தொங்கும் நரம்புக் கொத்துதான் காடா ஈக்வைனா. அது நசுங்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அடித்தொடையும் ஆசனப் பகுதியும் மரத்துப்போகும், அன்றைக்கே அறுவை வேண்டியிருக்கலாம். எனவே 'நசுங்கவில்லை' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் நோயாளியை மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புகிறார் டாக்டர். அந்த வரியை வீண் என்று யாராவது வெட்டினால் நான் சண்டைக்கு வருவேன்.

அப்படியானால் வீண் என்பது எது? எந்த விவரத்துக்கும் நெற்றியில் 'நான் வீண்' என்று எழுதியிருக்கவில்லை. இதைத்தான் டெம்ப்ளேட் விற்கிற மென்பொருள்காரர்களுக்கும் எங்கள் மேனேஜருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. டிஸ்க்கை ஒட்டிய எலும்பு விளிம்பில் சில சமயம் ஒரு மாற்றம் தெரியும். டி1 படத்தில் கறுப்பாக, டி2 படத்தில் வெளுப்பாக. எலும்பின் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று பொருள். 1988ல் இதை வகைப்படுத்திய மைக்கேல் மோடிக் பெயரில் 'மோடிக் முதல் வகை' என்கிறோம். தேய்ந்த டிஸ்க்கின் பக்கத்தில் இது வருவது சகஜம். தறி ஓட்டுகிற அந்த மனிதருக்கு இது இருந்தால் அரை வரி போதும். இதே தோற்றம், மாலையானால் காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, இரண்டு மாதத்தில் எடை இறங்கிய ஒரு பெண்ணிடம் தெரிந்தால்? நம் நாட்டில் அங்கே முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். டிஸ்க்குக்குள் திரவம் இருக்கிறதா, பக்கத்துத் தசையில் சீழ் கட்டியிருக்கிறதா, நரம்புப் பையை ஒட்டி ஏதும் படர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுத வேண்டும். இயல்பு என்று தெரிந்தாலும் எழுத வேண்டும். அந்த ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம் போனாலும் ஒரு வரிகூட மிகையில்லை.

ஹெமாஞ்சியோமாவும் அப்படித்தான். தறிக்காரருக்கு அது எழுதவே வேண்டாத சமாசாரம். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கோ எலும்பில் தெரியும் எந்தப் புள்ளியும் கேள்விதான். 'இது ஹெமாஞ்சியோமா, பரவல் இல்லை' என்று நான் எழுத்தில் சொன்னால்தான் அடுத்து இன்னொரு ஆள் அதைப் பார்த்துப் பதறி ஊசி போட்டு எடுக்காமல் இருப்பார். ஒரே புள்ளி, ஒரே இயந்திரம். மாறியது நோயாளியின் கதை மட்டும்.

அந்தக் கதை எனக்கு எங்கே கிடைக்கும்? டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில். அதில் என்ன இருக்கும் தெரியுமா? "முதுகுவலி. எல்.எஸ். ஸ்பைன் எம்.ஆர்.ஐ." அவ்வளவுதான். சில சமயம் 'முதுகுவலி'யும் இருக்காது. எந்தக் கால், எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, முன்பு அறுவை நடந்ததா, ஒன்றும் கிடையாது. கேள்வியே கேட்காதவருக்குப் பதில் எழுதச் சொன்னால் என்ன செய்வது? எல்லாவற்றையும் எழுதி வைப்போம், வேண்டியதை அவர் பொறுக்கிக்கொள்ளட்டும் என்றுதான் கை போகும். ரிப்போர்ட் நீள்வதற்கு ரேடியாலஜிக்காரரின் வாய்க்கொழுப்பு மட்டும் காரணமில்லை. பாதிப் பழி வெற்றுச் சீட்டுக்கு. சீட்டு எழுதியவரே பிறகு போன் செய்து, "என்னம்மா, உங்க ரிப்போர்ட்ல எது முக்கியம்னே தெரியலையே" என்று அலுத்துக்கொள்வார். எனக்கும்தான் தெரியவில்லை, ஐயா. நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

எல்லாவற்றையும் எழுதுவதாக நினைக்கிறோமே, அதுவும் உண்மையில்லை. 2017ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. 63 வயதுப் பெண்மணி, இடுப்பு வலியும் வலது காலில் எல்5 நரம்பு வலியும் உள்ளவர். அவரையே மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு எம்.ஆர்.ஐ. மையங்களுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் முதுகு மாறிவிடாது. பத்து ரிப்போர்ட்டுகளிலும் சேர்த்து 49 வகையான கோளாறுகள் எழுதப்பட்டிருந்தன. அவற்றில் பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு, ஒரே ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் வந்தவை. இதைப் படித்த இரவு எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் நிறைய வெட்கமுமாக இருந்தது. நாங்கள் பக்கம் பக்கமாகக் கொட்டுவது முழுமை இல்லை. அன்று யார் கண்ணில் எது பட்டதோ, யாருடைய டெம்ப்ளேட்டில் எது இருந்ததோ அதுதான். வரி கூடக் கூட, நானும் பக்கத்து மையத்துக்காரரும் முரண்படும் இடமும் கூடுகிறது. நோயாளி இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அங்கே மூணு டிஸ்க்கு போச்சுன்னாங்க, இங்கே ஒண்ணுதான்னு சொல்றீங்க, யாருங்க சொல்றது நிஜம்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இரண்டும் ஒரே முதுகைத்தான் பார்த்திருக்கின்றன.

'டிஸ்க் போச்சு' என்ற இந்தப் பேச்சு என்னைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகுப் படங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. 40 வயதில் 68 சதவீதம், 80 வயதில் 96. டிஸ்க் புடைப்பு 40 வயதில் சரிபாதிப் பேருக்கு. வலி என்றால் என்னவென்றே அறியாத ஆட்கள் இவர்கள்! தலைநரை மாதிரி இது. நரைத்த தலையோடு ஒருவர் ஜலதோஷத்துக்கு வந்தால் 'இரு பக்கமும் நரை, முன்பக்கம் அதிகம், பின்னந்தலையில் லேசாக' என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? நாங்கள் கொடுக்கிறோம், ஐந்து மட்டத்துக்கும் தனித்தனியாக. அதைப் படித்துவிட்டு நாற்பது வயதுக்காரர் குனிவதை விடுகிறார், பிள்ளையைத் தூக்குவதை விடுகிறார், வண்டி ஓட்டப் பயப்படுகிறார். முதுகுக்கு நல்லது நடையும் அசைவும். எங்கள் தாள் அவரைப் படுக்கையில் போடுகிறது.

சரி, அந்தச் சதவீதத்தையே ரிப்போர்ட்டில் அச்சடித்துவிட்டால் என்ன? வலி இல்லாதவர்களுக்கும் இது சகஜம் என்று ஒரு பத்தி. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்தே பார்த்தார்கள். இரண்டரை லட்சம் நோயாளிகளின் ரிப்போர்ட்டில் இந்தப் பத்தியைச் சேர்த்தும் சேர்க்காமலும் பார்த்த ஆய்வு 2020ல் வெளியானது. முதுகு சம்பந்தமாக அதற்குப் பிறகு நடந்த வைத்தியச் செலவு குறையவில்லை. போதைசார் வலிமாத்திரை எழுதுவது மட்டும் கொஞ்சம் குறைந்தது. ஆக, ஐந்து வரி பயமுறுத்திவிட்டு ஆறாவது வரியில் 'பயப்படாதீர்கள்' என்று சொல்வதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பயமுறுத்தும் ஐந்து வரியை எழுதாமல் இருப்பதே உத்தமம்.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறட்டும். கால்வாய் அகலம் 13.8 மி.மீ., 14.1 மி.மீ. என்று அட்டவணை போடுகிறோமே, அதை அளப்பது பெரும்பாலும் இயந்திரம் இயக்கும் டெக்னீஷியன் தம்பி. கோட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் எண் மாறும். அடுத்த வருடம் வேறு தம்பி அளந்து 13.2 என்று வந்தால், 'போன தடவையைவிடச் சுருங்கிடுச்சே' என்று குடும்பமே கூடி அழும். இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த சர்ஜனும் கத்தி எடுப்பதில்லை. நரம்பைச் சுற்றி நீர் தெரிகிறதா, நரம்புகள் அடைந்து கிடக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். அளவு அவசியமான இடங்கள் உண்டு. நுரையீரலில் சின்னத் திடக்கட்டி ஒன்று தெரிந்தால், அது 6 மி.மீ.க்குக் கீழா மேலா என்பதைப் பொறுத்துத்தான், ஆபத்துக் காரணங்கள் குறைந்தவருக்கு மறுபடி ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகும். 2017ல் வந்த ஃப்ளைஷ்னர் சங்க வழிகாட்டல் அப்படித்தான் சொல்கிறது. அங்கே அளக்காமல் விட்டால் குற்றம். இடுப்புப் படத்தின் ஓரத்தில் வயிற்றுப் பெருந்தமனி 5 செ.மீ.க்கு வீங்கியிருப்பது தெரிந்தால், சீட்டில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அளந்து எழுதி, போனையும் கையில் எடுக்க வேண்டும். முதுகுக்காக வந்தவர் என்று அதை விட்டுவிட முடியுமா? சிறுநீரகத்தில் 11 மி.மீ. நீர்க்கட்டி, சுவர் மெல்லியது, உள்ளே தெளிந்த நீர், அவ்வளவுதான் என்றால் அதற்கு வைத்தியமும் இல்லை, மறுபடி பார்ப்பதும் இல்லை. அது வேறு, இது வேறு.

ஆனால் அந்த நீர்க்கட்டியை எழுதாமல் விட எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது? காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1995ல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்யும் மருத்துவத்தையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு எங்களில் பலர் எழுதுவது டாக்டருக்காக அல்ல, என்றோ ஒருநாள் எதிரே நிற்கப்போகும் வக்கீலுக்காக. 'நீர்க்கட்டியை ஏன் சொல்லவில்லை?' என்ற, யாரும் இதுவரை கேட்காத கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். கடைசியில் 'மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்' என்று ஒரு வரியையும் போட்டுக் கைகழுவிவிடுகிறோம். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எதனோடு எதை ஒப்பிட வேண்டும் என்று சொன்னால்தானே ஒப்பிடுவார்? எல்5 நசுங்கல்தான் பிரச்சினையா என்று சந்தேகமிருந்தால் 'பெருவிரல் பலத்தைப் பாருங்கள்' என்று எழுதலாமே!

இன்னொரு கூத்து, இன்சூரன்ஸ். அறுவைக்குப் பணம் கேட்டு நோயாளி விண்ணப்பிப்பார். நாங்கள் அள்ளித் தெளித்த 'பல மட்டத் தேய்மானம்' என்ற வரியைப் பிடித்துக்கொண்டு, 'இது பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்தானே, எப்போதிலிருந்து?' என்று கடிதம் வரும். இரண்டு மாதத்துக்கு முன் பிதுங்கிய டிஸ்க்குக்கும் இருபது வருடத் தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி நான் மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆறு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை இப்படி ஒரு ஃபைலாகிறது.

நான் இப்போது செய்வது எளிய காரியம்தான். சீட்டு காலியாக இருந்தால் ஆளை இயந்திரத்துக்குள் அனுப்பும் முன் வெளியே வந்து நானே கேட்டுவிடுகிறேன். "எந்தக் காலுங்கண்ணா? விரல் வரைக்கும் இழுக்குதுங்களா? பெருவிரலைத் தூக்கிக் காட்டுங்க. காய்ச்சல் ஏதாச்சும்? ஒண்ணுக்குப் போறதுல சிரமம் உண்டுங்களா? முன்னாடி ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்களா?" இரண்டு நிமிஷ வேலை. அவர் சொல்வதை ரிப்போர்ட்டின் முதல் வரியாக எழுதிக்கொள்கிறேன். பிறகு படத்தை முழுக்கப் பார்க்கிறேன். பார்ப்பதில் சுருக்கம் கிடையாது, ஓரத்தில் தெரியும் தமனி வரைக்கும். எழுத உட்காரும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதைப் படித்து யாராவது எதையாவது வேறு மாதிரி செய்வார்களா? செய்வார்கள் என்றால் இருக்கட்டும், அரைப் பக்கம் கூடினாலும் சரி. இல்லையென்றால் வெட்டு. தெரிந்தே வெட்டியவற்றை 'மற்றவை வயதுக்கு வழக்கமானவை' என்ற ஒரு வரிக்குள் அடைத்துவிடுகிறேன், பார்க்காமல் விடவில்லை என்று தெரிவதற்காக.

மேனேஜருக்கு இதிலும் குறை. வெளியே வந்து பேசும் இரண்டு நிமிஷத்தை நாள் முழுதும் கூட்டினால் ஒரு ஸ்கேன் போடும் நேரம் போய்விடுகிறதாம். நான் மூன்று பக்கம் டைப் செய்யாமல் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. போன வாரம் ஒரு சமரசம் கொண்டுவந்தார்: ரிப்போர்ட் என் இஷ்டப்படி முக்கால் பக்கமாகவே இருக்கட்டும், கூட இரண்டு பக்கம் கலர்ப் பேப்பரில் படங்களை அச்சடித்துச் சேர்த்துவிடலாம், பார்க்க நிறைவாக இருக்கும் என்றார். நான் சம்மதித்துவிட்டேன். எல்4–எல்5 படத்தில் மட்டும் ஒரு அம்புக்குறி போடச் சொன்னேன். வந்த முதல் நோயாளியின் மகன் மற்றப் படங்களைக் காட்டிக் கேட்கிறான்: "ஏன் மேடம், இதுக்கெல்லாம் அம்பு இல்லையா?"